அடுத்த பில்லில் கழித்துக்கொள்!

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு என் செல்போன் சிணுங்கியது. பாங்க்கிலிருந்து எஸ்.எம்.எஸ். கணக்கில் 3,056 ரூபாய் வரவு.

நான் எதிர்பார்த்திருந்தது 39,056.

சட்டென்று என்ன தோன்றியது தெரியுமா? எவனோ டைப் அடிக்கும்போது நடுவில் ஒரு ஒன்பதை விட்டுவிட்டான்! பாங்க்குக்குப் போய் 'சார், என் ஒன்பதைக் கொடுங்க' என்று கேட்டு வாங்கி வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாங்க்கில் கேட்டால், "எங்களுக்கு அவங்க அனுப்பினதே இவ்வளவுதான் சார்" என்று கையை விரித்துவிட்டார்கள்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். தினமும் காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்குகிற கூட்டத்தில் ஒருவன். இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்குத் தோல் வாசனை தாய்ப்பால் மாதிரி. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கே திரும்பினாலும் தோல் பதனிடுகிறவர், அப்பர் தைக்கிறவர், ஸோல் ஒட்டுகிறவர் யாராவது சொந்தமாகவோ பழக்கமாகவோ இருப்பார்கள். 'ஏன் நாமே ரெண்டு ஜோடி விற்கக் கூடாது?' என்ற ஆசை யாருக்குத்தான் வராது?

எனக்கும் வந்தது. ஆம்பூரில் ஒரு சந்துக்குள் பாய் ஒருவர் ஆறு ஆட்களை வைத்துக்கொண்டு ஆண்களுக்கான கறுப்பு லெதர் ஷூ செய்கிறார். ஜோடி 1,300 ரூபாய்க்கு அவரிடம் எடுத்து, நானே இன்டர்நெட்டில் ஒரு சின்னக் கடை போட்டு, 2,000 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்தேன். பணம் வாங்கித் தர ஒரு பேமென்ட் கேட்வே. கார்டில் வருகிற ஒவ்வொரு 2,000-க்கும் 47 ரூபாய் 20 காசு அவர்கள் கட்டணம். ஆக ஜோடிக்கு 47.20 போக 1,952.80 என் கைக்கு வரும். (யு.பி.ஐ.க்குக் கணக்கு வேறு. குழப்பம் வேண்டாம், எல்லாம் கார்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

வாரா வாரம் வெள்ளிக்கிழமை பணத்தைப் போடச் சொல்லியிருந்தேன். காரணம், பாய் அன்றைக்குத்தான் ஆட்களுக்குக் கூலி கொடுப்பார். ஜும்மாவுக்குப் போவதற்கு முன்னால் நான் பணத்தை அனுப்பிவிட வேண்டும். அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். எழுதி வைத்ததில்லை.

வாரத்துக்கு ஐந்து ஜோடி, ஆறு ஜோடி என்று தவழ்ந்துகொண்டிருந்த வியாபாரம், போன தீபாவளி வாரத்தில் எழுந்து ஓட ஆரம்பித்தது. அறுபது ஜோடி! 1,20,000 ரூபாய் விற்பனை. கேட்வே கட்டணம் 2,832 போக 1,17,168 டாண் என்று வந்து விழுந்தது. பாய்க்கு 78,000 கொடுத்தேன். கூரியர் செலவு போக மிச்சத்தில் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது. ஆபீஸில் 'முதலாளி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஷூக்கள் வீடு திரும்ப ஆரம்பித்தன. 'கடிக்கிறது', 'முன்பக்கம் இறுக்குகிறது', 'என் காலை வெட்டிக்கொண்டால்தான் நுழையும்' என்று விதவிதமான குறிப்புகளோடு பதினெட்டு ஜோடி. வாங்கியவர் திருப்தியடையாவிட்டால் பணம் வாபஸ் என்று பெரிய மனுஷத்தனமாகக் கடையில் எழுதி வைத்தவன் நான்தானே? ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, கேட்வேயின் திரையில் 'Refund' என்ற பட்டனைப் பதினெட்டு முறை அழுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கிப் போனேன்.

அந்த 36,000 ரூபாய் எங்கிருந்து போகும் என்று ஒரு விநாடி யோசித்திருப்பேனா? ஊஹூம். பட்டன் அவர்கள் கொடுத்தது. பணமும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு!

அந்த வாரம் புதிதாக இருபது ஜோடி விற்றிருந்தது. 40,000 ரூபாய். கட்டணம் 944 போக 39,056. அதில் ரீஃபண்ட் 36,000 கழித்தால்..? என் ஒன்பது எங்கே போயிற்று என்று இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அன்று தெரியவில்லை. கேட்வேக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"சார், உங்க ரீஃபண்ட் இந்த செட்டில்மென்ட்ல அட்ஜஸ்ட் ஆயிருக்கு" என்றது ஒரு பொறுமையான குரல்.

"ரீஃபண்ட் ஆனது தீபாவளிச் சரக்குக்கும்மா! இந்த வாரம் இருபது பேர் வேற ஷூவுக்குக் குடுத்த பணத்தை ஏன் தொட்டீங்க?"

"சிஸ்டம் அப்படித்தான் சார்."

உலகத்தில் பதில் சொல்லத் தெரியாத எல்லாக் கேள்விக்கும் இந்த ஒரே பதில்தான்.

பாய்க்கு அன்று நான் தர வேண்டியது 26,000. கையில் 3,056. மத்தியானம் லஞ்ச் டயத்தில் சந்துக்கு நடந்தேன். ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்து வந்து போயிற்று. பாய் தொழுகை முடித்து வந்து உட்கார்ந்திருந்தார். ஆட்கள் ஆறு பேரும் கூலிக்காகச் சுற்றி நின்றார்கள். நான் நடந்ததைச் சொல்லி, "கொள்ளை அடிக்கிறாங்க பாய்" என்று முடித்தேன்.

பாய்க்கு இன்டர்நெட் என்றால் பேரன் கார்ட்டூன் பார்க்கிற சமாசாரம். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தம்பி, கம்பெனில நீ இன்னா வேலை பாக்கற?"

"அக்கவுன்ட்ஸ் பாய்."

"சனிக்கிழமை ஆனா இன்னா பண்ணுவே?"

எனக்கு முகத்தில் ஈ ஆடவில்லை.

சனிக்கிழமை ஆனால் நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? எங்கள் கம்பெனிக்கு வெளியில் அப்பர் தைத்துத் தருகிற ஜாப் ஒர்க்காரர்களுக்கு பில் பாஸ் பண்ணுவேன். போன மாசம் அவர்கள் தைத்த பீஸில் பழுது இருந்து ரிஜெக்‌ஷன் ஆகியிருந்தால், டெபிட் நோட் போட்டு, இந்த வார பில்லில் கழிப்பேன். "இந்த வாரச் சரக்கு நல்லாத்தானே சார் இருக்கு, இதுல ஏன் கழிக்கிறீங்க?" என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு நான் சொல்லும் பதில்: "சிஸ்டம் அப்படித்தாம்பா."

பாய் உள்ளே போய், வேறு எதற்கோ வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து ஆட்களுக்குக் கூலி கொடுத்தார். "அடுத்த வாரம் குடு" என்றார் என்னிடம். அந்த வார்த்தையைத் தாங்கிக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்புவது கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான், அக்கவுன்ட்ஸ்காரன் என்ற மானத்துக்காகவாவது இந்தப் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

வாடிக்கையாளர் கார்டில் தரும் பணம் நேராக என்னிடம் வருவதில்லை. அவருடைய பாங்க்கிலிருந்து கார்டு நெட்வொர்க் வழியாகக் கேட்வேக்காரர்களிடம் வருகிறது. அங்கேயும் அவர்கள் கல்லாவில் விழுவதில்லை. ஒரு பாங்க்கில் இதற்கென்றே தனியாக வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் விழுகிறது. நம் சார்பில் பணம் வாங்கித் தரும் இவர்களுக்கு 2009-லேயே ரிசர்வ் பாங்க் ஒரு தனிக் கணக்கைக் கட்டாயமாக்கியது. 2020 மார்ச் 17-ல் விரிவான விதிகள் போட்டு எஸ்க்ரோ கணக்கு என்றார்கள். 2025 செப்டம்பரில் அதையெல்லாம் தொகுத்துப் புது ஆணை வந்தது. எஸ்க்ரோ மட்டும் மாறவில்லை.

அந்தக் கணக்கிலிருந்து அவர்கள் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. வியாபாரிக்குத் தர எடுக்கலாம். வாங்கியவருக்குத் திருப்பித் தர எடுக்கலாம். தங்கள் கமிஷனை எடுக்கலாம். இப்படி இன்னின்னதற்கு என்று பட்டியல் இருக்கிறது. அதில் என் பங்கும், இன்னொரு ஊரில் புடவை விற்கிறவர் பங்கும், கோர்ஸ் நடத்துகிறவர் பங்கும் ஒன்றாகக் கிடக்கும். கேட்வேயின் கணக்குப் புத்தகத்தில்தான் 'இது இவனுடையது' என்று பிரித்து எழுதியிருக்கும்.

இப்போது என் பதினெட்டு ரீஃபண்டைப் பாருங்கள். தீபாவளி வாரப் பணம் எஸ்க்ரோவை விட்டு என் பாங்க்குக்கு வந்து, பாதி ஷூவாகவும் மீதி ஃப்ரிட்ஜாகவும் மாறிவிட்டது. ஆனால் வாடிக்கையாளருக்கு வந்த வழியே, அவர் கொடுத்த அதே கார்டுக்கு, பணம் திரும்பப் போக வேண்டும். என் சொந்த பாங்க் கணக்குக்குள் கையை விட்டு எடுக்க கேட்வேக்கு உரிமை கிடையாது. போடத்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புடவைக்காரர் பங்கில் எடுத்தால் அது அவர் பணம். மிச்சம் இருப்பது ஒரே இடம்: என் பெயரில் இன்னும் எனக்கு அனுப்பாமல் கிடக்கும் பணம். அதாவது இந்த வாரம் இருபது பேர் கொடுத்தது.

கேட்வேயைப் பொறுத்தவரை 'அந்த ஷூ', 'இந்த ஷூ' என்று ஒன்றும் கிடையாது. என் பெயரில் ஓடுகிற ஒரே பற்று வரவுதான். ரீஃபண்ட் பட்டனை அழுத்திய நிமிஷமே பற்று எழுதிவிடுகிறார்கள். வாங்கியவர் கணக்கில் அது போய்ச் சேர அஞ்சாறு நாள் ஆவது வேறு விஷயம். என் பெயரில் பணமே இல்லாத நாளில் அழுத்தியிருந்தால்? பெரும்பாலும் ரீஃபண்ட் போகாது. அல்லது புது விற்பனை வருகிற வரை காத்துக்கிடக்கும். வாங்கியவர் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இன்னொரு சின்னக் கடியும் உண்டு. ரீஃபண்டில் வாடிக்கையாளருக்கு முழு 2,000 போகிறது. ஆனால் முதலில் பிடித்த 47.20 எனக்குத் திரும்பவில்லை. நான் போட்ட ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. படித்துப் பார்த்தது இப்போதுதான். பதினெட்டு ஜோடிக்கு 849 ரூபாய் 60 காசு. ஷூ போய் ஷூ வந்ததற்கு வாடகை என்று எழுதிக்கொண்டேன்.

சரி, புரிந்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தினால், அடுத்த வெள்ளிக்கிழமை மூவாயிரம்கூட வரவில்லை. பூஜ்யம்!

அந்த வாரம் பதினைந்து ஜோடி விற்றிருந்தது. கட்டணம் 708 போக 29,292 வர வேண்டும். கழிக்க ரீஃபண்ட் எதுவும் இல்லை. போய்ப் பார்த்தால் 'hold' என்று போட்டிருந்தார்கள். கூடவே ஒரு மெயில்: சரக்கு வாங்கிய பில், டெலிவரி ஆனதற்கு அத்தாட்சி, ரிடர்ன் விதிமுறை எல்லாம் அனுப்பவும்.

கழிப்பது வேறு, நிறுத்தி வைப்பது வேறு என்று அன்று கற்றுக்கொண்டேன். கழித்தது போய்ச் சேர்ந்துவிட்டது, திரும்பாது. நிறுத்தி வைத்தது என் பெயரில்தான் இருக்கிறது, எனக்குத் தரவில்லை, அவ்வளவுதான். செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். கழித்திருந்தால் `type` என்ற இடத்தில் `refund` என்று ஒரு வரி, `debit` பத்தியில் தொகை, எந்த ஆர்டருக்கு என்ற நம்பர் எல்லாம் இருக்கும். நிறுத்தி வைத்திருந்தால் அப்படிக் கழித்த வரி இருக்காது. வரவு அப்படியே இருக்கும், பாங்க்குக்கு அனுப்பிய நம்பர் மட்டும் காலியாக இருக்கும். கேட்வேக்குக் கேட்வே தலைப்புகள் கொஞ்சம் மாறும், விஷயம் இதுதான்.

ஏன் நிறுத்தினார்கள்? என்னைக் கேட்வேக்காரன் இடத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். வாரம் ஆறு ஜோடி விற்றவன் திடீரென்று அறுபது விற்கிறான். பணத்தை வாங்கிக்கொள்கிறான். மூன்றே வாரத்தில் அறுபதில் பதினெட்டு திரும்புகிறது. நாளைக்கு இவன் கடையை மூடிவிட்டு ஓடினால்?

ஓடினால் நஷ்டம் யாருக்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கார்டில் வாங்கியவர் 'சரக்கு வரவில்லை' என்று தன் பாங்க்கில் புகார் கொடுக்கலாம். இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். பெரிய கார்டு நெட்வொர்க்குகளில் இதற்கு அநேகமாக 120 நாள் வரைகூட அவகாசம் உண்டு. அதாவது நாலு மாசம்! புகார் நின்றுவிட்டால் வாங்கியவரின் பாங்க், கார்டு நெட்வொர்க் மூலம் பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அது கேட்வே பக்கம் வந்து விடியும். கேட்வே என்னைத் தேடும். நான் இருந்தால் என் பணத்தில் கழிக்கும். நான் இல்லாவிட்டால் அதன் கைக்காசு. அதனால் சந்தேகம் வந்தால் ஆளைப் பிடிப்பதற்கு முன் பணத்தைப் பிடிக்கிறார்கள்.

இது என்னைப் போன்ற ஷூக்காரனுக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஃப்ரான்டியர் என்ற விமானக் கம்பெனிக்கு 2008 ஏப்ரலில் இதேதான் நடந்தது. டிக்கெட்டுக்கு ஜனங்கள் முன்கூட்டியே கார்டில் பணம் கட்டுகிறார்கள். விமானம் பறப்பதற்கு முன் கம்பெனி படுத்துவிட்டால் அத்தனை பேருக்கும் திருப்பித் தர வேண்டியது கார்டுப் பணத்தைக் கையாளும் நிறுவனம். பயந்துபோய், 'டிக்கெட் பணத்தில் பெரும் பகுதியை இனி நிறுத்தி வைப்போம்' என்றது. ரொக்கம் வற்றிவிடும் என்று ஏப்ரல் 10-ந் தேதி விமானக் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. படுத்துவிடுமோ என்ற பயமே படுக்க வைத்த கதை. விமானம் வைத்திருந்தவனுக்கே அந்த கதி என்றால், பதினைந்து ஜோடி ஷூ எம்மாத்திரம்?

மெயிலில் சண்டை போடாமல் கேட்டதை அனுப்பினேன். பாய் கொடுத்த பில்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் கூரியர் நம்பர், டெலிவரி வாங்கியவர் கையெழுத்து. பதினெட்டு ரீஃபண்டையும் யாரும் புகார் கொடுக்காமல் நானே கொடுத்தேன் என்பதற்கு ரிப்போர்ட். ஒரு டெலிவரிக்கு வாட்ச்மேன் கையெழுத்து மட்டும் இருந்தது. அதற்கு வாங்கியவரிடம் 'கிடைத்தது' என்று ஒரு வரி கேட்டு வாங்கிச் சேர்த்தேன். ஒன்பது நாள் கழித்து 29,292-ம் ஒரு பைசா குறையாமல் வந்தது.

அந்தப் பதினெட்டை அனுப்புவதற்காக வரிசையாக எழுதும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எல்லாமே எட்டாம் நம்பர் சைஸ்! ஏழிலும் ஒன்பதிலும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ரிப்போர்ட்டில் பணம் மட்டும்தான் இருக்கும், சைஸ் இருக்காது. நான் ஆர்டர் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்திருக்காவிட்டால் அந்த எட்டாம் நம்பரையே இன்னும் விற்றுக்கொண்டிருப்பேன்.

பணத்தையும் எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். பழைய பாக்கி 26,000-ஐ முதலில் கொடுத்தேன். பிறகு எட்டாம் நம்பர் சங்கதியைச் சொன்னேன். பாய் பேசாமல் உள்ளே போய், ஷூவை மாட்டித் தைக்கிற லாஸ்ட் இரண்டு எடுத்து வந்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று முன்பக்கம் அகலம். மற்றது மூக்கு மாதிரி ஒடுங்கி இருந்தது.

"எட்டு நம்பர் லாஸ்ட் ஒண்ணு உடைஞ்சி போச்சு தம்பி. தீபாவளி அவசரத்துல எக்ஸ்போர்ட்டுக்கு வந்த பழைய லாஸ்ட்டைப் போட்டுட்டான் பையன். வெள்ளைக்காரன் காலுக்குப் பண்ணது. நம்ம ஆளுங்க கால் அதுல எப்டி நுழையும்?"

பதினெட்டு ஜோடியையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். 23,400 ரூபாய் அவர் எனக்குத் தர வேண்டும். ஆனால் அவரிடம் ரொக்கம் ஏது? அன்றைய கூலிக்கே என் பணம்தான். தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"அடுத்த பில்லுல கழிச்சிக்க."

ஒரே பில்லில் கழித்தால் அந்த ஆறு பேருக்கு அந்த வாரம் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நானே அனுபவித்தது. வாரத்துக்கு 3,900 வீதம் ஆறு வாரத்தில் கழித்துக்கொள்வது என்று பேசி, ஒரு காகிதத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிற பணத்தில் ஒரு பங்கை நாலு மாசம் தொடுவதில்லை. அது விற்ற பணம், என் பணம் இன்னும் ஆகவில்லை என்று தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். ரீஃபண்ட் பட்டனை அழுத்துவதற்கு முன் கேட்வேயில் என் பெயரில் எவ்வளவு இருக்கிறது, வெள்ளிக்கிழமை பாய்க்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்கிறேன். பெரிய சேல் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்வேக்கு மெயில் போட்டு, இவ்வளவு விற்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை ஜாப் ஒர்க்காரர் ஒருவர் என் மேஜை முன் வந்து நின்றார்.

"சார், இந்த வாரம் 2,200 குறையுதே?"

வாய் வரை வந்துவிட்டது, 'சிஸ்டம் அப்படித்தாம்பா.' முழுங்கிவிட்டு, நாற்காலியைக் காட்டினேன்.

"உட்காருங்கண்ணே. எந்த பீஸ், எந்தத் தேதின்னு ஒவ்வொண்ணா காட்டறேன்."

அவர் உட்காரவில்லை. சந்தேகமாக என்னையே பார்த்தார்.

"இன்னா சார், கம்பெனியை மூடப் போறாங்களா?"